மணப்பாட்டுக் கடிதங்களும் நான் ஓட்டிய இருபது தோணிகளும்

போன வருஷம் எங்கள் ஊர் மலர் ஒன்றுக்காக நான் எழுதிக் கொடுத்த ஒரு பத்தி இது:

"1544 ஜூன் 16, திங்கட்கிழமை இரவு, மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் அரிசியும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். வழியில் பெரியதாழைக் கரையில் சற்று இளைப்பாறினார். விடியற்காலையில் குமரியை அடைந்து, இன்று விவேகானந்தர் பாறை எனப்படும் பாறையில் பசியோடு தவித்த நூற்றுக்கணக்கான மக்களை மீட்டார்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மலரில் வந்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. இப்போது அதிலிருந்து ஒரு வரியைக் கல்லில் வெட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. கல் என்றதும் பயம் வந்து, பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வாக்கியத்தில் பாதிக்கு மேல் நானே உண்டாக்கியவை. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. மற்றவர் எழுத்தை இந்தப் பக்கத்தில் நிறைய விமர்சித்திருக்கிறேன். இந்த முறை என் பத்தியே விமர்சனத்துக்கு.

முதலில் மூலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ் சவேரியார் 1542 இல் கோவாவுக்கு வந்து, அந்த வருஷக் கடைசியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். 1544 இல் அவருக்குத் துணையாக இங்கே இருந்தவர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸ். ஒருவர் ஒரு ஊரில், மற்றவர் இன்னொரு ஊரில். இடையில் ஆள் கையில் கொடுத்தனுப்பிய சின்னச் சின்னக் கடிதங்கள். 1544 பிப்ரவரியில் புன்னைக்காயலில் தொடங்கி 1545 ஏப்ரலில் மயிலாப்பூரில் முடிகிற இருபத்தைந்து சொச்சம் கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மணப்பாடு, தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, திருச்செந்தூர் என்று நம் கரையின் பெயர்களே அவற்றின் அடியில் இருக்கின்றன. பெரியதாழையிலிருந்து எழுதியதாகத் தேதியிட்ட கடிதம் ஒன்றுகூட இல்லை. அந்த ஏக்கம் என் பத்தியில் வேலை செய்திருக்கிறது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

இவற்றைக் கடிதம் என்பதைவிடச் செய்தி என்று சொல்வதே பொருத்தம். இன்றைக்கு நாம் போனில் தட்டுகிற மாதிரி. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் தெரிந்த விஷயத்தை எழுதவே மாட்டார்கள். "அந்த ஆள்", "நீங்கள் எழுதிய அந்தக் காரியம்" என்று ஓடும். மான்சிலாஸ் திருப்பி எழுதிய கடிதங்கள் எதுவும் நம்மிடம் இல்லை. போனில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்தில் நின்று கேட்பது போல்தான் இந்தக் கட்டைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பிரதிகள் வழியாக. ஒவ்வொரு செய்தியும் ஏதோ ஒரு பக்கத்தில் அறுந்திருக்கிறது.

இனி ஜூன் 16 கடிதம். உள்ளடக்கத்தை என் சொல்லில் தருகிறேன். சனிக்கிழமை மணப்பாடு வந்து சேர்ந்தேன் என்கிறார். குமரிமுனைக் கிறிஸ்தவர்களைப் பற்றிக் கெட்ட செய்தி கேட்டதாகச் சொல்கிறார். வடுகர் படை அவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. தப்பியவர்கள் கடலில் உள்ள பாறைகளில் ஏறி நிற்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் சாகிறார்கள். இன்று இரவு இருபது தோணிகளோடு அவர்களுக்கு உதவப் புறப்படுகிறேன். நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் வேண்டச் சொல்லுங்கள். சாரம் இவ்வளவுதான். மூலத்தில் தோணிக்கு "தோனே" என்றுதான் இருக்கிறது. நம் சொல்லைக் காதில் கேட்டபடி எழுதியிருக்கிறார்.

இருபது தோணி கிளம்புகிறது. செய்தி அங்கே நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் மனசு என்ன செய்யும்? மீதியைத் தானே எழுதிவிடும். உதவப் புறப்பட்டவர் போய்ச் சேர்ந்திருப்பார், பட்டினி கிடந்தவர்கள் சாப்பிட்டிருப்பார்கள் என்று. நானும் அதைத்தான் செய்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அறுந்த செய்தியின் மீதி இதே கட்டில் இருக்கிறது. பின்னால் வரும் கடிதங்களில் அவரே சொல்கிறார்: காற்று எதிராக அடித்தது, எவ்வளவு முயன்றும் தோணிகளால் குமரியை எட்ட முடியவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பிவிட்டார். பிறகுதான் தரைவழியாகக் குமரிக்குப் போகிறார். ஆகஸ்ட் 1 தேதியிட்ட கடிதத்தில், உண்ண இல்லாமல், நடக்க முடியாமல், வழியிலேயே செத்தும் வழியிலேயே பிள்ளை பெற்றும் வந்த மக்களின் காட்சி இருக்கிறது. படிக்கத் தாங்காது.

ஆக, "விடியற்காலையில் குமரியை அடைந்து" என்று நான் எழுதியது வெறும் ஆதாரமில்லாத வரி மட்டுமல்ல. நேர்மாறான வரி. மிக இயல்பாகத் தோன்றிய முடிவுதான் தவறான முடிவாக இருந்தது.

இதை மாமாவிடம் சொன்னேன். எங்கள் அம்மாவின் அண்ணன், முப்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. "மணப்பாட்டுலேர்ந்து குமரிக்கு இருபது தோணி, துடுப்புப் போட்டு, ஜூன் மாசம் நடுவுல" என்று மட்டும்தான் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஆனி மாசமா? கச்சான் மூஞ்சில அடிக்குமேடா மக்கா. எப்படி ஏறும்? இத எழுதுனவன் கடலப் பாத்திருக்கானா?"

எழுதினவன் நான்தான் மாமா என்று சொல்லவில்லை.

கச்சான் என்றால் எங்கள் பக்கத்தில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிற காற்று. மணப்பாட்டிலிருந்து குமரிக்குக் கரை தென்மேற்காகத்தான் இறங்குகிறது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்தப் பருவத்தில் அந்தத் திசையில் போவதென்றால் காற்றுக்கு நேர் எதிரே துடுப்புப் போடுவது. இன்றைய நாட்காட்டிப்படி அந்த நாள் ஜூன் 26 (அப்போது பழைய ஜூலியன் கணக்கு). ஆனி மாதம் சந்தேகமில்லை.

இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மாமா சொன்னது எனக்கு அந்தக் கடிதத்தைவிட நம்பகமாகப்பட்டது. ஆனால் பின்னால் வந்த கடிதம் கிடைக்காமல் போயிருந்தால், மாமாவின் பேச்சை வைத்து "தோணிகள் குமரியை அடையவில்லை" என்று எழுதியிருக்கலாமா? கூடாது. "அந்தப் பருவத்தில் அடைவது கடினம்" என்று எழுதலாம், அதுவும் அடிக்குறிப்பில். காற்று ஒரு நாள் விட்டுக் கொடுக்கும். அனுபவம் சொல்வது எது நடக்கும் என்பதை. எது நடந்தது என்பதை அது சொல்லாது. எதிர்த்திசையில் கற்பனை செய்தாலும் கற்பனை கற்பனைதான்.

அடுத்து நம் ஊர். "வழியில் பெரியதாழைக் கரையில் சற்று இளைப்பாறினார்." இதை எப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். மணப்பாட்டுக்குத் தென்மேற்கே கரையோடு பத்து கிலோமீட்டர் போல வந்தால் பெரியதாழை. குமரிக்குக் கடல் வழியே போகிற எவரும் எங்கள் ஊர்க் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதுவரை சரி. பூகோளம் மாறாது. ஆனால் தாண்டிப் போக வேண்டும் என்பது வேறு, தாண்டிப் போனார் என்பது வேறு. காற்று தடுத்ததென்று தெரிகிறது. எந்த இடத்தில் தடுத்தது? எங்கள் ஊருக்கு முன்னாலேயா, பின்னாலேயா? அந்தத் தோணிகள் எங்கள் கரையைப் பார்த்தனவா என்பதே தெரியவில்லை. இதில் இளைப்பாறுதல் வேறு. "சற்று" என்ற சொல்லைப் பாருங்கள். எவ்வளவு நேரம் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தச் "சற்று" மாதிரிச் சொற்கள்தான் காட்டிக்கொடுப்பவை என்று இப்போது நினைக்கிறேன். மூலத்தில் இருப்பதைவிட அதிகத் துல்லியம் மறுகூறலில் இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பாறை விஷயமும் இதேதான். கடிதம் சொல்வது பாறைகள், பன்மையில். குமரிமுனைக்கு முன்னால் கடலில் பல பாறைகள் உண்டு. நம் தலைமுறைக்கு மண்டபம் கட்டிய பாறையும் பக்கத்தில் வள்ளுவர் சிலை நிற்கும் பாறையும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. அதனால் "பாறைகள்" என் கையில் "விவேகானந்தர் பாறை" ஆகிவிட்டது. பன்மை ஒருமையானது, பெயரில்லாததற்குப் பெயர் வந்தது. வாசகருக்கு இடம் புரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்தப் பாறையிலும் சிலர் நின்றிருக்கலாம். ஆனால் கடிதம் அதைச் சொல்லவில்லை.

"நூற்றுக்கணக்கான" என்பதற்கு எந்த விளக்கமும் என்னிடம் இல்லை. "அரிசியும் குடிநீரும்" என்பதற்கு ஒரு சாக்கு உண்டு: பசி, தாகம் என்றவர் வேறு எதைக் கொண்டு போவார்? ஆனால் அரிசி என்று சொன்னவன் நான்.

இதே சிக்கல் செப்டம்பரிலும் வருகிறது. தூத்துக்குடி தாக்கப்பட்டு, அங்கிருந்த போர்த்துக்கீசியக் கேப்டனின் கப்பலும் வீடும் எரிந்து, மக்கள் தீவுகளுக்கு ஓடிவிட்டதாக ஆலந்தலையிலிருந்து எழுதுகிறார். நான் படித்தவரையில் தீவுகள் என்றுதான் இருக்கிறது. வான்தீவா, காசுவார் தீவா, இன்று துறைமுகத்தோடு சேர்ந்துவிட்ட முயல்தீவா? என் குறிப்பேட்டில் அந்த இடத்தில் "முயல்தீவு (?)" என்று எழுதியிருந்தேன். அந்தக் கேள்விக்குறியை நினைத்துப் பயமாக இருக்கிறது. அடுத்த தடவை பிரதி எடுக்கும்போது அடைப்புக்குறி விழுந்துவிடும், அதற்கடுத்த தடவை அது வரலாறு ஆகிவிடும்.

கேள்விக்குறி விழுந்துபோவது எனக்கு மட்டும் நடந்ததில்லை. சவேரியாரின் கடிதங்களை 1667 இல் ரோமில் லத்தீனில் பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தவர் பியர் போசின் என்ற இயேசு சபைத் துறவி. நல்ல லத்தீன் எழுதத் தெரிந்தவர். அதுதான் பிரச்சினை. அவசரத்தில் எழுதிய உடைந்த போர்த்துக்கீசிய வரிகள் அவர் கையில் நிறைவான, ஓசையுள்ள வாக்கியங்களாகிவிட்டன. தொங்கி நின்ற இடங்கள் முடிந்துவிட்டன. இரண்டு நூற்றாண்டு அந்த லத்தீனே பரவலாகப் படிக்கப்பட்டது. 1872 இல் ஹென்றி ஜேம்ஸ் கோல்ரிட்ஜ் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பாகப் புத்தகமும் அந்த லத்தீன் வழியாக வந்ததுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் இன்றும் நம்மவர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் அதை. நானும் முதலில் படித்தது அதைத்தான். அதன் சரளத்தில் ஓட்டைகளே தெரிவதில்லை. ஓட்டை தெரியாதபோது அடைக்கிறோம் என்ற உணர்வும் வருவதில்லை.

வாழ்க்கை வரலாற்று நூல்களில் இன்னும் ஒரு படி மேலே. வடுகர் படைக்கு முன்னால் சவேரியார் தனியாகப் போய் நின்றார், படை பின்வாங்கியது என்ற காட்சியை நம் கரையில் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். கோவில் ஓவியத்திலும் பார்க்கலாம். மான்சிலாஸுக்கு எழுதிய இந்தக் கட்டில் அப்படி ஒரு காட்சி இல்லை. நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை, அது என் வேலையும் இல்லை. பின்னால் வந்த நினைவுகளுக்கும் ஊர் வழக்குக்கும் தனி மதிப்பு உண்டு. ஆனால் அதைக் கொண்டுவந்து 1544 ஜூன் கடிதத்தின் வாயில் வைக்கக் கூடாது. வழக்குக்கு வழக்கு என்றே பெயர் போட்டுத் தனியாக வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

1944, 45 இல் கெயோர்க் ஷுர்ஹாமரும் யோசப் விக்கியும் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்த ஆய்வுப் பதிப்புதான் நிலைமையை மாற்றியது. கடிதங்களை அவை எழுதப்பட்ட மொழியிலேயே, பிரதிகளை ஒப்பிட்டு, எது எந்தப் பிரதியில் இருக்கிறது என்று காட்டி வெளியிட்டார்கள். அதை வைத்து 1992 இல் ஜோசப் கோஸ்டெல்லோ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். கோல்ரிட்ஜில் ஒரு பக்கம் ஓடியது இங்கே கொஞ்சமாகச் சுருங்கி நிற்கும். அந்தச் சுருக்கம்தான் உண்மையில் நம்மிடம் இருப்பது.

பெயர்களில் அவர்கள் காட்டிய பொறுமை எனக்குப் பிடித்தது. சவேரியார் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதுகிறார். "இனிக்கித்ரிபெரிம்" என்று ஒரு அரசர் வருகிறார். "பெத்தெர்பெமால்" என்று இன்னொருவர். இரண்டாவதை நம்மால் உடனே கேட்க முடிகிறது: வெட்டும்பெருமாள். முதலாவதை உண்ணி கேரள வர்மாவோடு இணைக்கிறார்கள். இணைப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் பதிப்பில் மூலச்சொல் மூலச்சொல்லாக நிற்கிறது, அடையாளம் அடிக்குறிப்பில் நிற்கிறது. நாளைக்கு வேறொருவர் வேறு அரசரைச் சொன்னால், அடிக்குறிப்பை மாற்றினால் போதும். கடிதத்தைத் தொட வேண்டாம்.

ஆனால் அதே ஷுர்ஹாமர் பிற்பாடு எழுதிய பிரம்மாண்டமான வாழ்க்கை வரலாற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. பதிப்பாசிரியராக அவ்வளவு கறாராக இருந்தவர், கதைசொல்லியாக மாறும்போது பாதையையும் பனைமரத்தையும் மணல்தேரியையும் சவேரியாரின் கண்ணுக்கு முன்னால் விரித்துவிடுகிறார். தேரிக்காடு அன்றும் இருந்திருக்கும், பனையும் இருந்திருக்கும். அடிக்குறிப்புகளும் குவிந்து கிடக்கின்றன. ஆனாலும் மேலே ஓடும் பத்தியில் கடிதம் சொன்னது எங்கே முடிகிறது, ஆசிரியர் எங்கே தொடங்குகிறார் என்பது சாதாரண வாசகனுக்குத் தெரிவதில்லை. என்னைப் போன்ற ஒருவன் அதைப் படித்துத் தமிழில் சுருக்கும்போது பனைமரமும் ஆதாரமாகிவிடுகிறது.

நமக்கு இதில் வெளியே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதுகூட அதிகம் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 266 க்கு அடுத்து 269 என்றே இன்றுவரை அச்சிடுகிறோம். கிடைத்ததை வரிசையாக எண்ணி 398 பாட்டு என்று முடித்திருந்தால் யாருக்கும் ஓட்டை தெரிந்திருக்காது. சிதைந்த பாடல்களில் எழுத்து போன இடத்தில் புள்ளி வைத்தார்கள். ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. இல்லாததற்கும் ஒரு எண் உண்டு என்பது சாதாரண விஷயம் போலத் தெரியும். ஒரு கட்டுச் செய்தியை வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

நற்றிணை 234 இன்னும் சுவாரசியமான கதை. அந்தப் பாட்டு ஏடுகளில் இல்லை. இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக வரும் ஒரு பாட்டு, அதுவாக இருக்கலாம் என்று கருதியவர்கள் உண்டு. சில பதிப்புகளில் அந்த இடத்தில் அதைச் சேர்த்தும் இருக்கிறார்கள், இன்ன இடத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு. ஓட்டையை அடைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். அடைத்த இடமும், அடைத்த பொருளும், அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தால், வேண்டாதவர் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

அதன்படி என் குறிப்பேட்டைத் திரும்பச் செய்தேன். முன்பு ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி, இடம், "என்ன நடந்தது" என்று மூன்று கட்டம் போட்டிருந்தேன். தவறு அங்கேயே தொடங்கியிருக்கிறது. "என்ன நடந்தது" என்று தலைப்புப் போட்ட கட்டத்தைக் காலியாக விட மனசு வராது. காலியான கட்டம் வேலை முடியாத மாதிரித் தெரியும். ஜூன் 16 க்கு நேரே "குமரிக்குச் சென்று உதவினார்" என்று நான் எழுதியது பத்தி எழுதுவதற்கும் முன்னாலேயே. அப்போது பின்கடிதங்களைப் படித்திருக்கவில்லை. படித்த பிறகு ஜூன் வரியைத் திருத்த வரவில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது "கடிதம் சொல்வது" என்று ஒரு கட்டம். அதில் அந்தக் கடிதத்தில் உள்ளது மட்டும், வினைச்சொல்லின் காலம் உட்பட. "புறப்படுகிறேன்" என்றால் "புறப்படுவதாகச் சொல்கிறார்", "புறப்பட்டார்" அல்ல. இதில்தான் நான் அதிகம் வழுக்கியிருக்கிறேன். அடுத்தது "கணக்கிட்டது". கடிதத்தில் தேதி 16 என்றிருந்தால், அன்று திங்கள் என்பதைப் பழைய நாட்காட்டியை வைத்து யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். சனிக்கிழமை வந்தேன் என்றால் அது 14. இது கற்பனை இல்லை, ஆனாலும் கடிதத்தின் சொல்லும் இல்லை. பிறகு "இதே கட்டில் வேறு இடத்தில்" என்று ஒன்று. தோணிகள் திரும்பிய செய்தி ஜூன் 16 வரிக்கு நேரே இந்தக் கட்டத்தில் வருகிறது, எந்தக் கடிதத்திலிருந்து என்ற குறிப்போடு. கடைசியில் "தெரியாதது". இந்தக் கட்டம்தான் இப்போது அதிகம் நிரம்பியிருக்கிறது: தோணிகளில் என்ன ஏற்றினார்கள், எவ்வளவு தூரம் போனார்கள், பாறைகளில் எத்தனை பேர், எத்தனை நாள்.

நாள் முழுக்க உட்கார்ந்து இருபத்தைந்து கடிதத்தையும் இப்படிப் பிரித்தபோது ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் தனியாகப் படிக்கையில் பக்கத்துக் கடிதத்திலிருந்து விஷயம் கசிந்து வந்துவிடுகிறது. ஆகஸ்டில் வழியில் செத்தவர்களைப் படித்த பிறகு ஜூன் கடிதத்தைப் படித்தால், ஜூனிலேயே அந்தப் பிணங்கள் தெரிகின்றன. கட்டாக வேலை செய்வதில் உள்ள ஆபத்து இது. பக்கத்துச் செய்திதான் அறுந்ததைச் சரிசெய்யவும் உதவுகிறது, அதுவேதான் கறை படியவும் வைக்கிறது. அதனால் முதல் கட்டத்தை நிரப்பும்போது மற்றக் கடிதங்களை மூடி வைத்துவிட்டேன். ஒரு சுற்று முடிந்த பிறகுதான் மூன்றாவது கட்டத்துக்காகத் திறந்தேன். இரண்டு மடங்கு நேரம் ஆனது.

கல்வெட்டு வேலையில் இருப்பவர்கள் இதற்குக் குறிகளே வைத்திருக்கிறார்கள். 1931 இல் லைடன் நகரில் பேசி வைத்துக்கொண்டது: சுருக்கி எழுதிய சொல்லை விரித்தால் வளைவு அடைப்பு, அழிந்ததைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்பு, நிரப்ப முடியாவிட்டால் சதுர அடைப்புக்குள் புள்ளி. இரண்டு அடைப்பும் ஒன்றல்ல. முதலாவதில் எழுதியவர் மனசில் அந்தச் சொல் இருந்தது. இரண்டாவதில் அது நம் மனசில் இருக்கிறது. ஊர் மலரில் சதுர அடைப்புப் போட்டால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கல்லுக்கு வருகிறேன். கமிட்டியில் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ நம்ம ஊருக்கு ஒண்ணுமே இல்லையா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மணப்பாட்டுக்குக் குகை இருக்கிறது, கிணறு இருக்கிறது. நமக்கு ஒரு இரவாவது வேண்டாமா என்ற ஆசை. அந்த ஆசை எனக்கும் உண்டு. நான்தானே அந்த இரவை எழுதிக் கொடுத்தவன்.

மாமாவிடம் போய், அன்றைக்கு எழுதினவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "திரும்பிப் போனதச் சொல்லலாம்லடா? கச்சான்ல திரும்பாதவன் யாரு?" என்றார்.

இதுதான் இப்போது நான் கொடுத்திருக்கிற வரி. கல்லில் வருமா என்று தெரியாது. எழுத்துக் கூலி அதிகமாகும் என்கிறார்கள்.

"1544 ஜூன் 16 அன்று, குமரிமுனைப் பாறைகளில் தவித்த மக்களுக்கு உதவ, மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு அன்றிரவு புறப்படுவதாகச் சவேரியார் கடிதம் எழுதினார். எதிர்க்காற்றால் தோணிகள் குமரியை எட்டவில்லை என்று பின்னர் எழுதினார். இக்கரையை அவை கடந்தனவா என்பது கடிதங்களில் இல்லை."